கதையில் எல்லோரும் ஒரே குரலில் பேசினால்: இயந்திர உரையாடலை அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

ஒலிக்கதைகளுக்கு உரையாடல் திருத்துவது என் வேலை. இரண்டு வருடமாக என்னிடம் வரும் முதல் வரைவுகளில் பெரும்பாலானவை செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதியவை. கதை ஓட்டம் பரவாயில்லாமல் இருக்கும். ஆனால் நடிகர்கள் ஒலிப்பதிவு அறைக்குள் போய் வாயைத் திறந்ததும் பேச்சு மரக்கட்டை மாதிரி விழும். திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான் வருகின்றன. அவற்றை நான் எந்த வரிசையில் பார்க்கிறேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் வரைவில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கடைசி வரை ஒரே காட்சியை வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். அண்ணன் சுப்பையாவுக்கு 60 வயது. தம்பி கணேசனுக்கு 44, சென்னையில் வேலை. அப்பா காலமாகிவிட்டார். அப்பாவின் வயலை விற்கலாம் என்று சொல்லத் தம்பி ஊருக்கு வந்திருக்கிறார். சுப்பையாவின் மனைவி பேச்சியம்மாள் வாசலில் நிற்கிறார். வரைவு இப்படி வந்தது:

“அண்ணா, நான் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்பாவின் வயலை விற்கலாம் என்று நினைக்கிறேன்.”
“தம்பி, அந்த வயல் நம் அப்பாவின் நினைவு. அதை எப்படி விற்க முடியும்?”
“எனக்கு உங்கள் உணர்வு புரிகிறது அண்ணா. ஆனால் என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்படுகிறது.”
“சரி தம்பி, நான் யோசித்துச் சொல்கிறேன்.”
“இருவரும் சாப்பிட வாருங்கள்,” என்றார் பேச்சியம்மாள்.

## அறிகுறி 1: பேச்சு எழுத்துத் தமிழில் இருக்கிறது, அல்லது பாதிப் பாதியாக இருக்கிறது

முதலில் பார்க்க வேண்டியது: கதை எழுதச் சொல்லி இயந்திரத்துக்குக் கொடுத்த கட்டளை. பல நேரம் கட்டளையில் ‘உரையாடல் எழுது’ என்று மட்டும்தான் இருக்கும். கதை சொல்லும் பகுதி எழுத்து நடையில் இருக்கட்டும், மேற்கோளுக்குள் வருவது மட்டும் வாயில் பேசுகிறபடி இருக்கட்டும் என்று பிரித்துச் சொன்னாலே பாதி வரைவு சரியாகிவிடும். செலவே இல்லாத திருத்தம், அதனால் இதுதான் முதலில்.

அடுத்தது: அங்கங்கே தப்பி நிற்கும் எழுத்து விகுதிகள். கட்டளையைச் சரியாகக் கொடுத்தாலும் ‘நான் போகிறேன்டா’, ‘என்னடா சொல்கிறாய்’ போன்ற ஒட்டுகள் மிஞ்சும். கண்ணால் தேடினால் தவறிப்போகும். வரைவை எழுத்துக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, மேற்கோள் உள்ள வரிகளில் மட்டும், டெர்மினலில் grep என்ற தேடல் கருவியால் இப்படித் தேடுகிறேன்:

```
grep -n '“' kathai.txt | grep -E 'கிறேன்|கிறாய்|கிறார்|கிறது|வேண்டும்|என்று'
```

‘வருவேன்ங்கிறது’ போன்றவை பேச்சிலும் வரும், அவற்றைத் தொட வேண்டாம். மற்ற வரிகளை ஒவ்வொன்றாக மாற்றலாம்.

அதற்கு மேலும் செயற்கையாக இருந்தால்: வரிக்கு அடியில் ஆங்கிலம் இருக்கிறது. ‘எனக்கு உங்கள் உணர்வு புரிகிறது அண்ணா’ என்பதை ‘எனக்கு உங்க மனசு புரியுதுண்ணே’ என்று மாற்றினால் மேலே உள்ள தேடலில் அது சிக்காது. ஆனாலும் அது அந்தத் தம்பியின் வாயில் வருகிற வாக்கியம் இல்லை. இப்படிப்பட்ட வரியை மாற்றுவதில் பயனில்லை, வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் அவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். பேசாமல் இருப்பார். அல்லது ‘அது சரிண்ணே, இருந்தாலும்...’ என்று இழுப்பார். மேலே உள்ள வரைவில் ‘நான்’, ‘என்’, ‘எனக்கு’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் நேருக்கு நேர் பேசும்போது ‘நான்’ அவ்வளவு தேவைப்படாது. ‘நினைக்கிறேன்’ என்றால் நினைப்பது யார் என்று தெரிந்துவிடுகிறது. அழுத்தம் வேண்டிய இடத்தில் மட்டும் ‘நான்’ இருக்கட்டும்.

ஒரு காட்சியில் மூன்றில் ஒரு பங்கு வரிகளுக்கு மேல் இப்படி வெட்ட வேண்டி வந்தால் நான் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிடுகிறேன். அந்தக் காட்சியில் நடப்பதை மூன்று வரியில் குறித்துக்கொண்டு, பேச்சைப் புதிதாக எழுதுவதுதான் குறைந்த வேலை.

## அறிகுறி 2: பேச்சுத் தமிழ்தான், ஆனால் எந்த ஊர் என்று தெரியவில்லை

சோதனை: கதையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுங்கள். அம்பாசமுத்திரத்தை ஈரோடு ஆக்குங்கள், அப்புறம் திருவண்ணாமலை ஆக்குங்கள். ‘அண்ணே, அப்பா வயல வித்துடலாம்னு நினைக்கிறேன்’ என்ற வரி மூன்று ஊரிலும் உறுத்தாமல் உட்காருகிறதா? அப்படியானால் அதில் ஊரே இல்லை. தொலைக்காட்சித் தொடர்களில் கேட்டுப் பழகிய பொதுப் பேச்சு அது.

கட்டளையில் ஊரே இல்லையென்றால் முதலில் அதைச் சேருங்கள். ‘திருநெல்வேலி வட்டார வழக்கு’ என்று மட்டும் எழுதினால் போதாது. பேசுகிறவரின் வயது, எவ்வளவு காலமாக ஊரில் இருக்கிறார், எதிரில் இருப்பவர் என்ன உறவு, இவர் அவரை நீ என்பாரா, நீங்க என்பாரா என்பதையும் எழுதுங்கள். நம் கணேசன் இருபது வருடமாகச் சென்னையில் இருப்பவர். அண்ணனிடம் பேசும்போது ஊர்ப் பேச்சு திரும்பும், ஆனால் முழுதாக இருக்காது. அண்ணன் பேச்சும் தம்பி பேச்சும் ஒரே அளவு நெல்லையாக இருந்தால் அதுவும் தவறுதான்.

ஊரைச் சேர்த்த பிறகு வட்டாரச் சொற்கள் மட்டும் தூவப்பட்டிருந்தால், அதாவது வரி பொதுத் தமிழாகவே இருந்து முன்னால் ஒரு ‘ஏலே’ மட்டும் வந்திருந்தால், பார்க்க வேண்டிய இடம் வினைமுற்று. இயந்திரம் பெயர்ச்சொல்லையும் விளியையும் எளிதாக மாற்றிவிடுகிறது, வினையின் வாலை விட்டுவிடுகிறது. ஊர் இருப்பது பெரும்பாலும் அந்த வாலில்தான்.

நெல்லைப் பக்கம் நிகழ்காலம் ‘சொல்லுதேன்’, ‘செய்யுதான்’ என்று வரும். ‘கேக்கிறேன்’, ‘பாக்கிறேன்’ என்பவை ‘கேக்கேன்’, ‘பாக்கேன்’ ஆகும். மரியாதைக்குரிய ஒருவர் வந்தார் என்பதை ‘வந்தாவ’ என்பார்கள், சொன்னார் என்பதை ‘சொன்னாவ’ என்பார்கள். எதிரில் இருப்பவரிடம் ‘என்ன சொல்லுதிய?’ என்று கேட்பார்கள். ‘சொன்னேன் அல்லவா’ என்பது ‘சொன்னேன்லா’. இந்த நான்கைந்து வால்களைச் சரிசெய்தால் ஒரு ‘ஏலே’ கூட இல்லாமலே ஊர் தெரிந்துவிடும்.

எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு சோதனைச் சொல்லும் வைத்திருக்கிறேன். ‘விற்றுவிடலாம்’ என்பதைப் பாத்திரம் எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். பொதுப் பேச்சில் ‘வித்துடலாம்’. நெல்லையில் ‘வித்துரலாம்’. மதுரைப் பக்கம் ‘வித்துப்புடலாம்’ என்று கேட்கலாம். கொங்கு நாட்டில் ‘வித்துப்போடலாம்’. கணேசனை ஈரோட்டுக்காரராக வைத்தால் வரி இப்படி ஆகும்: “ஏனுங்ண்ணா, தோட்டத்த வித்துப்போடலாம்னு இருக்கறனுங்க.” வயல் தோட்டமாகிவிட்டது, ‘நினைக்கிறேன்’ ‘இருக்கறனுங்க’ ஆகிவிட்டது, மரியாதை வாக்கியத்தின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. வரியின் மேல் சொல்லை ஒட்டி இதைச் செய்ய முடியாது, வரியையே திருப்பிப் போட வேண்டும்.

வால்களும் சரியாக இருந்து ஏதோ இடித்தால், முன்னிலையைப் பாருங்கள். இயந்திரத்துக்கு நீ, நீங்க என்று இரண்டு படிகள்தான் தெரிகின்றன. நெல்லையில் நடுவில் ஒன்று உண்டு. ஒத்த வயது ஆண்கள், கொஞ்சம் உரிமையும் கொஞ்சம் மரியாதையுமாக ‘என்ன வே சொல்லுதீரு?’ என்பார்கள். டீக்கடையில் சுப்பையா தன் வயதுக்காரரிடம் பேசும் காட்சி வந்தால் இந்தப் படிதான் வேண்டும். அங்கே ‘நீ’ போட்டால் சின்னப் பையன்கள் மாதிரி ஆகிவிடும், ‘நீங்க’ போட்டால் இருவரும் அன்றுதான் அறிமுகமானவர்கள் மாதிரி ஆகிவிடும்.

உறவுப் பெயரும் இங்கேதான் வரும். அண்ணன் மனைவி நெல்லையில் மைனி. பாட்டியை அங்கே ஆச்சி என்பார்கள், மதுரை, சிவகங்கைப் பக்கம் அப்பாவின் அம்மா அப்பத்தா, யாழ்ப்பாணத்தில் அம்மாவின் அம்மா அம்மம்மா. இயந்திரம் எல்லா இடத்திலும் ‘அண்ணி’, ‘பாட்டி’ என்றே போடும். ஒருமுறை பட்டியல் போட்டுக்கொண்டு மாற்றிவிட்டால் முடிந்தது.

## அறிகுறி 3: ஊர் தூக்கலாக இருக்கிறது, அல்லது பல ஊர்கள் கலந்திருக்கின்றன

இது முந்தைய கோளாறைத் திருத்தப் போய் வருவது. ‘வட்டார வழக்கு இன்னும் வேண்டும்’ என்று அழுத்திச் சொன்னதும் இயந்திரம் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டும். ஒருமுறை எனக்கு வந்த வரி: “ஏனுங்க அண்ணாச்சி, என்னலே இப்படிப் பண்றாய்ங்க?” ஏனுங்க கொங்கு, அண்ணாச்சியும் லேயும் நெல்லை, பண்றாய்ங்க மதுரை. அதோடு மரியாதையும் ஒருமையும் ஒரே மூச்சில் ஒரே ஆளிடம்.

கலப்பு என்றால் வரியைத் தூக்கிவிட்டு மறுபடி எழுதுங்கள், அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை. தூக்கல் மட்டும் என்றால் விளிகளைக் குறையுங்கள். ‘ஏலே’, ‘மக்கா’, ‘இன்னாபா’ எல்லாம் கூப்பிடும்போதும் கோபப்படும்போதும் வருபவை. எதிரில் உட்கார்ந்திருப்பவரை நாம் வரிக்கு வரி கூப்பிடுவதில்லை.

## அறிகுறி 4: யாரும் யாரையும் குறுக்கிடவில்லை

ஒலிக்கதையில் அதிகம் உறுத்துவது இதுதான். திருத்த அதிக நேரம் பிடிப்பதும் இதுதான். ஒருவர் முழுவாக்கியம் பேசி முடிப்பார், அடுத்தவர் காத்திருந்து முழுவாக்கியத்தில் பதில் சொல்வார். நீதிமன்ற விசாரணையில் கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

வரைவில் குறுக்கீடே இல்லையென்றால் முதலில் கட்டளையைப் பார்க்கலாம். ஆனால் ‘குறுக்கீடு சேர்’ என்று பொதுவாகச் சொன்னால் அடுத்து வரும் கோளாறில் கொண்டுபோய் விடும். யார், எந்த விஷயத்தைக் கேட்கப் பிடிக்காமல் வெட்டுகிறார் என்று சொல்ல வேண்டும். நம் காட்சியில் சுப்பையாவுக்கு ‘விற்க’ என்ற சொல்லைக் கேட்கவே மனமில்லை. அதனால் தம்பி அந்தச் சொல்லுக்கு வரும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றுகிறார். இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டளையில் சேர்த்தாலே வரைவு மாறும்.

பேச்சு வெட்டுப்படுவதைக் காட்டும் கோடு இருக்கிறது, ஆனால் குறுக்கீடாகக் கேட்கவில்லை என்றால் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். இயந்திரம் இப்படி எழுதும்: “அப்பா வயல விக்கலாம்னு நினைக்கிறேன்—” “முடியாது!” இதில் வெட்டப்பட்டது ஒன்றுமே இல்லை. வினை வந்துவிட்டது, வாக்கியம் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் ஒரு கோடு. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால், கேட்பவர் அதற்கு முன்பே விஷயத்தைப் பிடித்துவிடுவார். ‘அப்பா வயல...’ என்றதுமே அந்த ஐ உருபைக் கேட்டு, அந்த வயலை ஏதோ செய்யப் போகிறான் என்று அண்ணனுக்குப் புரிந்துவிடும். வெட்ட வேண்டிய இடம் அதுதான்: வேற்றுமை உருபு வந்த பிறகு, வினை வருவதற்கு முன்.

இன்னொரு நல்ல இடம் ‘-னு’. ‘வித்துரலாம்னு...’ என்று இழுத்தால் நினைக்கிறேனா, சொல்றாங்களா, கேட்டாங்களா என்பது வெளியே வரவில்லை. அங்கே அடுத்தவர் புகுந்து ‘யாரு சொன்னா?’ என்று கேட்கலாம். ஒலிப்பதிவில் நடிகருக்கும் இது பிடி கொடுக்கும். எந்த அசையில் உள்ளே வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

வெட்டு சரியாக விழுந்தும் பேச்சு பிங்பாங் மாதிரி இருந்தால், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வருகிறதா என்று பாருங்கள். வீட்டில் அப்படி நடப்பதில்லை. கேள்விக்குக் கேள்வி பதிலாக வரும். பணம் என்றால் ‘பணமா?’ என்று அந்தச் சொல்லே திரும்பி வரும். கேட்டுக்கொண்டிருப்பவர் ‘ம்’, ‘சரி’, ‘சொல்லு’ என்று நடுவில் போடுவார். மூன்றாவது ஆள் உள்ளே வருவார். பேச்சியம்மாளை இயந்திரம் சாப்பாட்டுக்குக் கூப்பிட மட்டும் வைத்திருக்கிறது. வாசலில் நின்று இவ்வளவையும் கேட்டவர் அதோடு நிறுத்திக்கொள்வாரா?

இதைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். காட்சியை ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படியுங்கள். ஒரே நிபந்தனை, எதிராளி சொல்ல வருவது புரிந்த நொடியில் அடுத்தவர் தன் வரியைத் தொடங்கிவிட வேண்டும். எந்தச் சொல்லில் தொடங்கினார் என்று பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதைப் பெரும்பாலும் வெட்டிவிடலாம்.

இதையெல்லாம் செய்த பிறகு நம் காட்சி இப்படி வந்தது:

“எண்ணே, அந்தக் கீழ வயல—”
“சாப்ட்டியா?”
“சாப்ட்டேன். வயல வந்து—”
“எப்பச் சாப்ட்ட? பஸ்சுலயா?”
“நான் சொல்லுதத கொஞ்சம்...”
“கேக்கேன்லா. சொல்லு.”
“வித்துரலாம்னு...”
“யாரு?”
“இல்லண்ணே, பிள்ளைக்குக் காலேஜுல இந்த மாசத்துக்குள்ள—”
“அய்யா வெட்டுன கெணறு கெடக்குல்லா அதுல.”
“எவ்வளவு கட்டணும்னு கேளுங்களேன் முதல்ல,” என்றார் பேச்சியம்மாள் வாசலிலிருந்து. “எப்பப் பாத்தாலும் இப்படித்தான் பேசுதிய.”
“நீ உள்ள போ.”
“போறேன். மாமா இருந்தா கேட்டிருப்பாவ.”

ஐந்து வரி பதின்மூன்றாகிவிட்டது, ஆனால் படிக்க ஆகும் நேரம் ஏறத்தாழ அதேதான். ‘நினைவு’, ‘உணர்வு’ இரண்டும் போய்விட்டன, அவற்றின் இடத்தில் கிணறு வந்திருக்கிறது. ‘ஏலே’ ஒன்று கூட இல்லை.

## எப்போது ஊர்க்காரரைக் கூப்பிட வேண்டும்

உங்களுக்குக் காதால் பழக்கமில்லாத வழக்கு என்றால் அறிகுறி 2-லேயே நிறுத்திவிட்டு ஆளைத் தேடுங்கள். யாழ்ப்பாணப் பேச்சு நல்ல உதாரணம். இயந்திரம் ‘பேசு’ என்பதைக் ‘கதை’ ஆக்கும், ‘ஆமா’வை ‘ஓம்’ ஆக்கும், ஆனால் ‘வர்றேன்’ என்பதை அப்படியே விட்டுவிடும். அது ‘வாறன்’ என்று இருக்க வேண்டும். அதையும் நீங்கள் பட்டியல் பார்த்துத் திருத்திவிடலாம். ‘நேற்று வந்தனான்’, ‘அவர் சொன்னவர்’ போன்ற வடிவங்கள் எந்த இடத்தில் வரும், எந்த இடத்தில் வெறும் ‘வந்தன்’ வரும் என்பதை அந்தப் பேச்சில் வளர்ந்தவர்தான் தயங்காமல் சொல்ல முடியும். கன்னியாகுமரிக் கடற்கரை, மட்டக்களப்பு, ஒரு சாதிக்கோ தொழிலுக்கோ மட்டும் உரிய பேச்சு, இரண்டு தலைமுறைக்கு முந்தைய காலம் எல்லாமே இதில் சேரும். ஊகித்து எழுதினால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கேலி செய்வது போல் கேட்கும்.

கூப்பிடும்போது முழுக் கதையையும் அனுப்பாதீர்கள். உரையாடல்களை மட்டும், யார் யாரிடம் பேசுகிறார் என்ற குறிப்போடு அனுப்புங்கள். ‘இது சரியா?’ என்று கேட்டால் பெரும்பாலும் மரியாதைக்காக ‘சரிதான்’ என்று சொல்லிவிடுவார்கள். ‘இதையே உங்க வீட்டுல எப்படிச் சொல்லுவாங்க?’ என்று கேட்டு, பதிலை எழுதி வாங்காமல் குரலில் பதிவு செய்து வாங்குங்கள். எழுதச் சொன்னால் அவர்களும் எழுத்துத் தமிழுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பதிவிலிருந்து பதினைந்து இருபது வரிகளை எடுத்து, அவர் அனுமதியோடு, அடுத்த முறை கட்டளையோடு மாதிரியாகக் கொடுக்கலாம். வட்டார வழக்கு என்று பெயர் சொல்லிக் கேட்பதை விட இது பல மடங்கு நன்றாக வேலை செய்கிறது. இதற்குக் கூலி கொடுங்கள், திருத்துநருக்குக் கொடுக்கும் அதே அளவில்.

மேலே உள்ள காட்சியையும் அம்பாசமுத்திரத்தில் பிறந்த ஒரு அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் திருப்பி அனுப்பிய குரல் பதிவில் ஒரே ஒரு மாற்றம்தான் இருந்தது. ‘நீ உள்ள போ’ என்று சுப்பையா சொல்லக் கூடாதாம். “தம்பி முன்னால பொண்டாட்டிய அப்படி வெரட்ட மாட்டாவ. தண்ணி கொண்டாம்பாவ. அவளுக்கு அதுலயே தெரிஞ்சிரும்.” அந்த வரி இப்போது “தண்ணி கொண்டா” என்று இருக்கிறது. அதற்குப் பொருந்தும்படி பேச்சியம்மாளின் ‘போறேன்’ என்பதையும் ‘கொண்டாரேன்’ என்று மாற்றினேன்.